நான்கு எண்கள், நான்கு அம்புகள்: அம்பு எப்போது திரும்ப வேண்டும்?

கேள்வி: "சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் ரிப்போர்ட் தயாரிக்கும் வேலை பார்க்கிறேன். எம்.டி. மீட்டிங்குக்கு மாதம் ஒரே ஒரு ஸ்லைடு: உற்பத்தி, ரிஜெக்‌ஷன், நேரத்துக்கு டெலிவரி, வரவேண்டிய பாக்கி. நாலுக்கும் இலக்கு, நாலுக்கும் அம்புக்குறி. ஒவ்வொரு மாதமும் அம்பைப் பார்த்துத்தான் சண்டையே வருகிறது. அம்பை எந்தக் கணக்கில் போடுவது சரி?"

உங்கள் ஸ்லைடில் இலக்கை யார் வைத்தார்கள், நிறம் சரியா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அந்த அம்பு எதோடு எதை ஒப்பிடுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது இந்த மாத எண்ணைப் போன மாத எண்ணோடு மட்டும்தான் ஒப்பிடும். கூடினால் மேலே, குறைந்தால் கீழே. சண்டைக்குக் காரணம் அதுதான். இரண்டு மாதங்களின் எண்கள் ஒன்றுபோல இருப்பதே அபூர்வம் என்பதால், எதுவும் நடக்காத மாதத்திலும் அம்பு ஏதாவது ஒரு பக்கம் திரும்பியே தீரும். திரும்பிய அம்புக்கு மீட்டிங்கில் ஒரு காரணம் கேட்பார்கள். கேட்டால் யாராவது ஒரு காரணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான் கடலூர் சிப்காட்டில் தொடங்கி, பிறகு புதுச்சேரியில் மோல்டிங் யூனிட்டுகளில் தர ஆய்வுப் பிரிவில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். அதில் ஒரு யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் நான்கு எண்ணில் ரிஜெக்‌ஷன் அங்கேயும் இருந்தது. ஒரு நிதியாண்டில் ஏப்ரல் முதல் மார்ச் வரை அதன் சதவீதம் இப்படிப் போனது: 3.1, 2.6, 2.8, 3.4, 3.3, 2.7, 3.2, 2.8, 3.3, 2.9, 2.6, 3.3. இலக்கு 2.5. பன்னிரண்டு மாதத்துக்குப் பதினோரு அம்புகள் போட்டோம், ஐந்து மேலே, ஆறு கீழே. பிப்ரவரியில் 2.6 வந்தபோது ஷிஃப்ட் ஆட்களைக் கூப்பிட்டுக் கைதட்டினார்கள். மார்ச்சில் 3.3 வந்ததும் அதே ஆட்களிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். விளக்கக் கடிதத்தை வாங்கப் போனவன் நான்தான். அப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர் ஒருவர் கேட்டார்: "என்ன சார், போன மாசம் கை தட்டுனீங்க, இந்த மாசம் லெட்டர் கேக்கறீங்க. நாங்க ரெண்டு மாசமும் ஒரே வேலையத்தானே செஞ்சோம்?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி.

அந்தக் கணக்கு புதிதல்ல. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வால்டர் ஷூஹார்ட் 1924 மே 16 அன்று ஒரு சிறு குறிப்பில் வரைந்து காட்டிய கட்டுப்பாட்டு வரைபடம்தான் அதன் மூலம். எந்த வேலையிலும் எண் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அந்த வழக்கமான ஆட்டத்தின் அகலத்தை அந்த எண்களிலிருந்தே கண்டுபிடித்துவிட்டால், அதற்கு வெளியே போவதை மட்டும் செய்தி என்று எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் சாரம். மாதத்துக்கு ஓர் எண் மட்டும் இருக்கும் உங்களைப் போன்றவர்களுக்கு அதில் ஓர் எளிய வடிவம் இருக்கிறது. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

பன்னிரண்டு எண்களின் சராசரியை எடுங்கள். மேலே சொன்னதில் கூட்டுத்தொகை 36, ஆகவே சராசரி 3.0. அடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் முந்தைய மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள், கூடியதா குறைந்ததா என்று பார்க்காமல். 3.1-லிருந்து 2.6 என்றால் 0.5, 2.6-லிருந்து 2.8 என்றால் 0.2, இப்படிப் பதினோரு வித்தியாசங்கள் வரும். அவற்றின் சராசரி கிட்டத்தட்ட 0.44. அதை 2.66-ஆல் பெருக்கினால் 1.16 சொச்சம். சராசரியோடு அதைக் கூட்டினால் மேல் எல்லை 4.2, கழித்தால் கீழ் எல்லை 1.8. இந்த 2.66 மாறாத எண். எந்த எண்வரிசைக்கும் இதேதான். எக்செல்லில் B2 முதல் B13 வரை மாத எண்கள் இருந்தால், C3-இல் முதல் வரியைப் போட்டு C13 வரை இழுத்துவிடுங்கள். மற்ற நான்கும் D1 முதல் D4 வரை. புது மாதம் B14-இல் வந்ததும் கடைசி வரி அம்பைச் சொல்லும்.

```
C3: =ABS(B3-B2)
D1: =AVERAGE(B2:B13)
D2: =AVERAGE(C3:C13)
D3: =D1+2.66*D2
D4: =D1-2.66*D2
E14: =IF(B14>$D$3,"▲",IF(B14<$D$4,"▼","●"))
```

இப்போது அந்த வருஷத்தைத் திரும்பிப் பாருங்கள். பன்னிரண்டு எண்களும் 1.8-க்கும் 4.2-க்கும் நடுவில்தான் இருக்கின்றன. நாங்கள் போட்ட பதினோரு அம்பில் ஒன்றைக்கூடப் போட்டிருக்கக் கூடாது. 2.6-க்குத் தட்டிய கையும் வீண், 3.3-க்கு வாங்கிய கடிதமும் வீண். வீண் என்பதோடு அது போகவில்லை. கடிதத்துக்குப் பயந்து ஒவ்வொரு ஷிஃப்டிலும் மெஷின் செட்டிங்கை ஆளுக்கொரு பக்கம் திருப்பினார்கள். ஒருவர் பிரஷரைக் கூட்டிவிட்டுப் போவார், அடுத்து வருபவர் குறைப்பார். நிலையாக ஓடும் மெஷினை இப்படி நோண்டினால் ஆட்டம் குறையாது, கூடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. எக்செல்லில் `Conditional Formatting` மெனுவில் `Icon Sets` என்று அம்புகள் கிடைக்கும். உங்கள் ஸ்லைடு அம்புகள் அங்கிருந்து வந்தவையா என்று பாருங்கள். அவை போன மாதத்தோடு ஒப்பிடுபவைகூட இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டங்களில் உள்ள மிகச் சிறிய எண்ணுக்கும் மிகப் பெரிய எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தை 33, 67 சதவீதத்தில் வெட்டி, மேல் பங்கில் இருந்தால் மேல் அம்பு, கீழ் பங்கில் இருந்தால் கீழ் அம்பு என்று போடும். நாமாக மாற்றாவிட்டால் அதுதான் அதன் வழக்கம். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதும் மேல் அம்பு காட்டும். இதை வைத்து ஆறு மாதம் மீட்டிங் நடத்திய இடத்தையும் நான் பார்த்திருக்கிறேன்.

சரி, உண்மையிலேயே ஏதாவது நடந்தால் இந்த முறை காட்டிக்கொடுக்குமா? காட்டியது. அடுத்த நிதியாண்டில் ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை எண் எல்லைக்குள்ளேயே ஆடியது, நாங்கள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நவம்பரில் 4.6 வந்தது. மேல் எல்லை 4.2-ஐத் தாண்டிவிட்டது, அம்பு போட்டோம். "மழைக்காலம் சார், அப்படித்தான் இருக்கும்" என்று உடனே ஒரு பதில் வந்தது. ஆனால் போன நவம்பரிலும் இங்கே மழை பெய்தது, அப்போது 2.8தான். ஆகவே மழை மட்டும் காரணமாக இருக்க முடியாது. ரிஜெக்‌ஷனைப் பொருள் வாரியாகப் பிரித்தோம். பாலிபுரொப்பிலீன் மூடிகளில் எந்த மாற்றமும் இல்லை, ஏறியது முழுக்க நைலான் பாகங்களில். அவற்றின் மேல் வெள்ளி இழுத்தாற்போல் கோடுகள். நைலான் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், பாலிபுரொப்பிலீன் அநேகமாக உறிஞ்சாது. ஈரத்தோடு நைலானை உருக்கினால் உள்ளேயே ஆவி கிளம்பி இந்தக் கோடுகளைப் போடும். அதனால்தான் மோல்டிங்குக்கு முன்பு அதை 80 டிகிரி வாக்கில் சில மணி நேரம் உலர்த்துவோம். டிரையர் பேனலில் 80 என்றுதான் காட்டியது. ஹாப்பருக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தபோது 60-ஐத் தாண்டவில்லை, ஹீட்டரில் ஒரு காயில் போயிருந்தது. போன வருஷம் அதே மழையில் டிரையர் ஒழுங்காக ஓடியதால் ஒன்றும் ஆகவில்லை.

காயிலை மாற்றினோம். கூடவே, பாதி எடுத்த நைலான் மூட்டைகளை மெஷின் பக்கத்தில் வாய் திறந்தபடி போட்டுவைப்பதை நிறுத்தி, மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றினோம். உலர்த்திய நேரத்தைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வைத்தோம். கடலோர ஊர் என்பதால் இங்கே மழை இல்லாத மாதத்திலும் காற்றில் ஈரம் உண்டு. அந்த ஈரம் வருஷம் முழுக்க ரிஜெக்‌ஷனில் ஒரு பங்கு போட்டுக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. டிசம்பரிலிருந்து ஜூலை வரை எண்கள் 2.4, 2.2, 2.5, 2.1, 2.3, 2.4, 2.0, 2.5. இதில் ஒன்றுகூடக் கீழ் எல்லையான 1.8-ஐத் தொடவில்லை, மேலே கொடுத்த சூத்திரம் எட்டு மாதமும் வெறும் புள்ளிதான் போட்டிருக்கும். ஆனால் எட்டும் பழைய சராசரி 3.0-க்குக் கீழேயே இருக்கின்றன. தொடர்ந்து எட்டு எண்கள் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால், தனித்தனியாக எல்லையைத் தாண்டாவிட்டாலும் வேலை மாறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அப்போது புதுச் சராசரி 2.3 என்று வைத்து எல்லைகளை மறுபடி கணக்கிட வேண்டும். எங்களுக்கு 1.5 முதல் 3.1 வரை வந்தது. ஆக, அம்பு போட இரண்டு சமயங்கள் உண்டு: எல்லையைத் தாண்டும்போது, அல்லது ஒரே பக்கம் எட்டு சேரும்போது. மற்ற மாதங்களில் ஒரு புள்ளி வையுங்கள், "வழக்கம்போல்" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

இந்த முறை எந்த அளவுக்கு உறுதியானது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லைக்குள் ஆடும் எண்ணுக்குத் தனிக் காரணம் தேடுவது நேர விரயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எல்லை எங்கே விழுகிறது என்பது அவ்வளவு துல்லியமானதல்ல. பன்னிரண்டு மாத எண்ணில் போட்ட கோடு தோராயமானது, இருபது சேர்ந்தால் கொஞ்சம் நம்பகமாகும். 4.2-ஐத் தாண்டி 4.3 வந்ததற்கும் 4.1-இல் நின்றதற்கும் பெரிய பேதம் பார்க்கக் கூடாது. எல்லைக்குள் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றும் அர்த்தம் இல்லை. எங்கள் டிரையர் கதையில் ஈரத்தின் ஒரு பங்கு வருஷம் முழுக்க எல்லைக்குள்ளேயேதான் ஒளிந்திருந்தது.

இலக்குக்கு வருவோம். இலக்கும் அம்பும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. ஒன்றாக ஒட்டினால் இரண்டும் கெடும். சராசரி 3.0, ஆட்டம் 1.8-லிருந்து 4.2 வரை என்று ஓடிய மெஷின்களுக்கு 2.5 இலக்கு என்றால், யாரும் எதையும் மாற்றாமலே சுமார் பத்து மாதத்தில் ஒரு மாதம் அது தானாக எட்டிவிடும், மற்ற ஒன்பது மாதம் எட்டாது. அந்த ஒரு மாதத்தில் பச்சை காட்டுவதால் யாருக்கும் பயன் இல்லை. வேலையை மாற்றிச் சராசரி 2.3 ஆன பிறகு, எட்டு மாதமும் 2.5-ஐத் தாண்டவில்லை. ஆகவே இலக்கைத் தனி மாதத்தோடு ஒப்பிடாமல் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஸ்லைடில் எண்ணுக்குக் கீழே ஒரே வரி போதும்: "இலக்கு 2.5, சராசரி 3.0, இப்போதைய முறையில் எட்டாது." இதை எம்.டி. முன்னால் காட்டத் தயக்கமாக இருக்கும். ஆனால் ஷிஃப்ட் ஆட்களைக் கேட்பதா, டிரையரில் காசு போடுவதா என்று முடிவெடுக்க அவருக்கு வேண்டிய தகவலே அதுதான்.

உங்கள் மற்ற மூன்று எண்களையும் இதே கணக்கில் போடலாம், ஆனால் ஒவ்வொன்றிலும் முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். உற்பத்தியை மொத்தமாகக் காட்டாமல் வேலைநாளுக்கு எவ்வளவு என்று காட்டுங்கள். 25 நாளில் 5 லட்சம் பீஸ் போட்டாலும் 23 நாளில் 4.6 லட்சம் போட்டாலும் நாளுக்கு 20,000தான். பொங்கல் மாதத்திலும், ஆயுத பூஜை, தீபாவளி, நவம்பர் 1 புதுச்சேரி விடுதலை நாள் என்று விடுமுறை சேரும் மாதங்களிலும் மொத்தம் குறைவது காலண்டரின் வேலை. டெலிவரியில் சதவீதம் மட்டும் போடாதீர்கள். மாதம் 40 ஆர்டர் என்றால் ஓர் ஆர்டர் 2.5 சதவீதம். 38 போனால் 95, 37 போனால் 92.5. ஒரு லாரி ஒரு நாள் தாமதித்ததற்கு இலக்கு தவறியதாகச் சிவப்பு காட்டும். "40-இல் 37" என்று எழுதினால் பார்ப்பவருக்கே அளவு புரிந்துவிடும்.

பாக்கி நாட்கள்தான் அதிகம் ஏமாற்றும், அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் மாதக் கடைசியில் நிற்கும் பாக்கியை அந்த மாத விற்பனையால் வகுத்து 30-ஆல் பெருக்குவார்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் சரியாக 45 நாளில் பணம் தருகிறார்கள் என்று வையுங்கள். மாத விற்பனை 40 லட்சம் என்றால் பாக்கியாக இந்த மாதத்து 40 லட்சமும் போன மாதத்தில் பாதி 20 லட்சமும் நிற்கும். 60-ஐ 40-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் 45 நாள், சரியாக வருகிறது. அடுத்த மாதம் விற்பனை 30 லட்சமாகக் குறைந்தால் பாக்கி 30 லட்சமும், அதற்கு முந்தைய மாதத்தில் பாதி 20 லட்சமும், ஆக 50 லட்சம். கணக்கு 50 நாள் என்று சொல்லும். ஒருவர்கூட ஒரு நாள் தாமதிக்கவில்லை, ஆனால் அம்பு ஏறிவிட்டது, அக்கவுண்ட்ஸ்காரர் திட்டு வாங்குகிறார். இதைத் தவிர்க்க இன்வாய்ஸ் வாரியாக, 45 நாளைத் தாண்டி நிற்கும் தொகை எவ்வளவு என்று காட்டுங்கள். 45 என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் கம்பெனி குறு அல்லது சிறு தொழிலாகப் பதிவானது என்றால், 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் 15-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவே 45 நாளைத் தாண்டக் கூடாது. அதைத் தாண்டி நிற்கும் தொகையை நீங்கள் சட்டப்படி கேட்க முடியும்.

நிறத்துக்கு இரண்டு வார்த்தை. அம்பின் திசை எண் போன திசையைக் காட்டட்டும், நிறம் அது நல்லதா கெட்டதா என்பதைக் காட்டட்டும். ரிஜெக்‌ஷன் இறங்கினால் கீழ் அம்பு, பச்சை. உற்பத்தி இறங்கினால் கீழ் அம்பு, சிவப்பு. சிவப்பு, பச்சை பேதம் தெரியாத ஆண்கள் கணிசமாக உண்டு, மீட்டிங்குக்கு முன்னால் ஸ்லைடைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுப்பவர்களும் உண்டு. எனவே அம்புக்குப் பக்கத்தில் "நல்லது", "கவனிக்க" என்று சொல்லாகவும் எழுதிவிடுங்கள்.

அடுத்த மாத மீட்டிங்கில் நான்கு அம்பையும் ஒரேயடியாக எடுத்துவிட வேண்டாம், ஸ்லைடு காலியாகிவிட்டதாகக் கேள்வி வரும். ரிஜெக்‌ஷனில் மட்டும் தொடங்குங்கள். எண்ணுக்குக் கீழே கடந்த பன்னிரண்டு மாதக் கோட்டைச் சின்னதாக வரைந்து, நடுவில் சராசரி, மேலும் கீழும் எல்லை, இலக்கு ஒரு புள்ளிக்கோடு என்று போடுங்கள். பழைய ஸ்லைடுகளை எடுத்து, அந்தப் பன்னிரண்டு மாதத்திலும் யார் யாரிடம் என்ன விளக்கம் கேட்கப்பட்டது என்பதை ஒரு தாளில் எழுதி, உங்கள் புரொடக்‌ஷன் மேனேஜரிடம் மீட்டிங்குக்கு முந்தின நாளே காட்டிவிடுங்கள். எங்கள் யூனிட்டில் அந்தத் தாளைப் பார்த்ததும் முதலில் பேசியவர் மேனேஜர்தான். "ஹாப்பர்ல தெர்மாமீட்டர் இன்னைக்கே விட்டுப் பாத்துடுவோம்" என்று அவர் சொன்னது நவம்பர் 4.6 வந்த அன்று.